நேரப்பதிவுத் தாளும் முறிவு வாசகமும்: ஊவாத் தோட்டக் காணி அளவை வேலைகளில் பில் போடப்படாத வருமானத்தைக் கணக்காய்வு செய்தல்

தொழில்சார் சேவை நிறுவனமொன்றின் ஐந்தொகையில், செய்த வேலைக்கு இன்னும் பில் போடாத தொகை சொத்தாக நிற்கும்போது, கணக்காய்வாளர் அதன் சோதனையை எங்கிருந்து தொடங்க வேண்டும்? இதுவரை செல்வாக்குடன் இருந்துவரும் ஆய்வுப் போக்கு, நேரப்பதிவுத் தாளிலிருந்து என்கிறது. பதிவான மணிகளை மாதிரி எடுத்துச் சரிபார். மேலாளர் ஒப்புதல் இருக்கிறதா என்று பார். கட்டண வீதத்தை ஒப்பந்தத்தோடு ஒத்துப்பார். மூன்றும் பொருந்தினால் மீதிக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒப்பந்தத்தை வீதத்துக்காக மட்டும் திறப்பவர், சொத்து இருக்கிறதா என்ற முதற் கேள்வியைக் கேட்காமலே அதன் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் போக்கு பெரும்பாலும் சார்ந்து நிற்பது, எஸ்எல்எஃப்ஆர்எஸ் 15இன் மூலமான ஐஎஃப்ஆர்எஸ் 15ஐ விளக்கும் எடுத்துக்காட்டுகளில் 14ஆவது. ஓர் ஆலோசனை நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கென்றே ஒரு தொழில்முறைக் கருத்துரை தயாரிக்கிறது. கருத்துரை முடியும் முன்பே, வேலை நடக்க நடக்க வருமானத்தைக் கணக்கிலெடுக்கலாம் என்பது அங்கே வரும் முடிவு. இதிலிருந்து, நில அளவை, பொறியியல், மதிப்பீடு முதலான அறிக்கை வேலைகள் எல்லாமே காலப்போக்கில் வருமானம் தருபவை என்ற பொது விதியை வருவித்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டை மெதுவாக வாசித்தால் அந்த விதி அங்கே இல்லை.

பந்தி 35 மூன்று வழிகளைத் திறக்கிறது. ஒன்று பொருந்தினாலும் போதும். நிறுவனம் வேலை செய்யும்போதே வாடிக்கையாளர் பயனை அனுபவித்துவிடுகிறார் என்பது முதல் வழி. எடுத்துக்காட்டு 14 இதை ஏற்க மறுக்கிறது: இடையில் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றால், முன்னவர் செய்ததில் பெரும்பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டில் உள்ள சொத்தொன்று வேலையால் உருவாவதோ மேம்படுவதோ இரண்டாம் வழி. கையளிக்காத வரைபடம் அளவையாளரிடமே இருக்கிறது. எஞ்சுவது மூன்றாவது. வேலையின் பலனை வேறெவருக்கும் பயன்படுத்த முடியாது என்பதோடு, அன்றுவரை செய்த வேலைக்குக் கொடுப்பனவைக் கோரும் வலுவான உரிமையும் நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். அந்த உரிமை எடுத்துக்காட்டில் எங்கிருந்து வருகிறது? வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்தால், ஆன செலவோடு 15 வீத இலாபமும் கொடுக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதே போன்ற வேலைகளில் நிறுவனம் வழக்கமாக ஈட்டும் இலாபமும் ஏறத்தாழ அதுதான். முடிவு முழுவதும் இந்த ஒரு வாசகத்தில் தொங்குகிறது. அதை எடுத்துவிட்டால் எடுத்துக்காட்டு எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும்.

கட்டம் கட்டமாகப் பணம் தருவதாக ஒப்பந்தம் சொல்வதாலேயே உரிமை இல்லை என்றாகிவிடாது. இன்றே பணம் கேட்கும் நிபந்தனையற்ற உரிமை தேவையில்லை. தன் தவறின்றி ஒப்பந்தம் முறிந்தால் செய்த வேலையின் விலைக்கு ஈடானது கிடைக்குமா என்பதே அளவுகோல். எனவே கணக்காய்வாளர் தேட வேண்டியது கொடுப்பனவு அட்டவணையை அல்ல, முறிவு வாசகத்தை.

இதை ஊவாவில் வைத்துப் பார்க்கிறேன். அங்கே தோட்டக் காணி அரசுக்குரியது. ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமோ அதைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்திருக்கிறது. லயத்துக்குப் பதில் தனி வீடு என்ற திட்டங்களில் சிறு துண்டுகளாகக் காணி பிரிக்கப்படும்போது அளவை வேலை பிறக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவுக்குப் பிறகு, அந்தச் சரிவுகளில் வீட்டுக்கான துண்டைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு இல்லாமல் யாரும் இலேசாக ஏற்பதில்லை. ஆக, அளவையாளர் வேலையை முடிப்பது ஒன்று, வரைபடம் ஏற்கப்படுவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் மார்ச் 31 வந்து நிற்கும்.

பின்வருவது வாதத்துக்காக நான் அமைத்த கணக்கு. முழு எஸ்எல்எஃப்ஆர்எஸ் நியமங்களைப் பின்பற்றும் கொழும்பு நிறுவனமொன்றின் பதுளைக் கிளை, பசறைப் பக்கத் தோட்டமொன்றில் 240 துண்டுகளை அளந்து வரைபடம் தர 60 இலட்சம் ரூபாவுக்கு ஒப்புக்கொள்கிறது. வேலை ஒக்டோபரில் தொடங்குகிறது. மார்ச் 31இல் ஒரு பில்லும் போடவில்லை. நேரப்பதிவில் 1,200 மணி; இன்னும் 800 மணி வேண்டும் என்பது மேலாளரின் மதிப்பீடு. 2,000இல் 1,200 என்றால் 60 வீதம். 36 இலட்சம் ரூபா ஒப்பந்தச் சொத்தாகவும் வருமானமாகவும் பதிவாகிறது. தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன. மேலாளர் கையொப்பமும், ஒவ்வொரு வாரத் தாளிலும் தோட்டத் துரையின் கையொப்பமும் உண்டு. பழைய வழிப்படி கோப்பை இங்கேயே மூடிவிடலாம்.

முதலில் அந்தத் துரையின் கையொப்பம். ஒப்பந்தத்தின் மறுதரப்பு வீடமைப்பை நடத்தும் நிறுவனம். துரை குத்தகைக் கம்பனியின் ஆள். அவர் ஒப்பமிட்டால், ஆட்கள் தோட்டத்துக்கு வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. வேலை ஏற்கப்பட்டது என்பதற்கு அல்ல. வந்ததற்குச் சாட்சி என்ற அளவில்கூட அதைவிட நல்ல ஆதாரம் தோட்டத்திலேயே இருக்கிறது. எல்லைக்கோடு வெட்ட, கல் நட, தோட்டம் ஆள் கொடுத்திருந்தால் பெரட்டில் அவர்களுக்குப் பெயர் விழுந்திருக்கும். செக்ரோலில் அந்த நாளும் வேலையும் ஏறியிருக்கும். தோட்டக் கந்தோரில் அன்றாட மழையளவைக் குறித்துவைக்கும் பதிவும் உண்டு. சேவை நிறுவனத்தின் கை படாத இந்த இரண்டு பதிவுகளையும், கம்பனியின் இசைவோடு, நேரப்பதிவுக்குப் பக்கத்தில் வைத்து நாள் நாளாக வாசிப்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். நகர அலுவலகத்தில் வேலை செய்யும் சட்ட நிறுவனத்தைக் கணக்காய்வு செய்பவருக்கு இப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்காது.

ஊவாவின் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை. கருவியைப் பிரிக்க முடியாத நாளில் குழு சும்மா காத்திருந்தாலும் எட்டு மணி நேரம் அந்த வேலையின் பெயரிலேயே எழுதப்படும். அதில் பொய் இல்லை. அவர்கள் அங்கேதான் இருந்தார்கள், சம்பளமும் உண்டு. நம் எடுத்துக்காட்டில், கடும் மழை பதிவான, செக்ரோலில் அளவை வேலைக்கு ஆள் விழாத நாட்களுக்குரியவை 200 மணி என்று வைத்துக்கொள்வோம். விலையில் கணக்கிடாத வீண் உழைப்பை முன்னேற்ற அளவீட்டிலிருந்து நீக்கச் சொல்கிறது பந்தி பி19. ஊவா மழை எதிர்பாராததா, அது விலையிலேயே அடங்கியிருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விடை ஆரம்ப வேலைமதிப்பீட்டில் இருக்கிறது. மழைநாள் ஒதுக்கீடு அங்கே இருந்தால் வாதம் மாறும். இந்த எடுத்துக்காட்டில் அது இல்லை. ஒக்டோபரில் பசறையில் வேலை தொடங்கி மழைக்கு ஒரு மணியும் ஒதுக்காத மேலாளரின், எஞ்சிய 800 மணி பற்றிய மதிப்பீட்டையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

அந்த ஐயம் வீண்போகாது. மண்சரிவு மதிப்பீட்டில் 40 துண்டுகள் விலக்கப்பட்டு, அவற்றுக்கு மாற்றிடம் அளக்க 200 மணி கூடுதலாகத் தேவைப்படுகிறது. மேலதிகக் கட்டணத்துக்கு வாடிக்கையாளர் ஒப்பவில்லை. அப்படியானால் பயனுள்ள மணி 1,000, எஞ்சியது 1,000. முன்னேற்றம் 50 வீதம். தொகை 30 இலட்சம். நேரப்பதிவை எவ்வளவு கூர்மையாகச் சோதித்தாலும் நாம் வந்து சேர்வது இந்த எண்ணுக்குத்தான்.

இனி முறிவு வாசகம். "வாடிக்கையாளர் எந்நேரமும் ஒப்பந்தத்தை முடிக்கலாம், அதுவரை ஏற்கப்பட்ட வரைபடங்களுக்கு மட்டும் கொடுப்பனவு செய்யப்படும்" என்ற பொருளில் அது இருக்கிறது என்று கொள்வோம். மார்ச் 31இல் ஏற்கப்பட்ட வரைபடம் ஒன்றுமில்லை. அளந்த மணிகளுக்கு ஈடு கேட்கும் உரிமையும் இல்லை. பந்தி 35இன் மூன்றாம் வழி அடைபடுகிறது. வரைபடங்கள் கையளிக்கப்பட்டு ஏற்கப்படும் வரை வருமானம் கிடையாது. எஞ்சுவது, பந்தி 95இன்படி, மீளப் பெறக்கூடியதாயிருந்தால், ஒப்பந்தத்தை நிறைவேற்ற ஆன செலவு. ஒரு மணிக்குச் சம்பளச் செலவு 1,100 ரூபாவானால், 1,000 மணிக்கு 11 இலட்சம். காத்திருந்த 200 மணியின் 2.2 இலட்சம் நேராகச் செலவுக்குப் போகும்.

நேரப்பதிவைத் தோண்டியதால் 36 இலட்சம் 30 ஆனது; ஒரு வாசகத்தைப் படித்ததால் 30 இலட்சம் 11 ஆனது. இந்த விகிதம் நான் எடுத்துக்கொண்ட எண்களைப் பொறுத்தது. அதைப் பொதுமைப்படுத்த மாட்டேன். ஆனால் முதல் வகைப் பிழையில் அளவு குறைகிறது, இரண்டாவதில் சொத்தின் இனமே மாறுகிறது என்பது எண்களைப் பொறுத்ததல்ல.

நேரப்பதிவை முதன்மைப்படுத்துவோர் ஹைதராபாத் சத்யம் நிறுவனத்தைச் சான்றாகக் காட்டக்கூடும். 2009 ஜனவரியில் வெளிவந்த அந்த மோசடியில், 7,561 போலி விலைப்பட்டியல்கள் வேலைப்பதிவு, நேரப்பதிவு, பில் தயாரிப்பு என்ற வழக்கமான சங்கிலியைத் தாண்டி, விலைப்பட்டியல் அமைப்பில் நேரடியாக நுழைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பின்னால் மணிகள் இல்லை. பில்லிலிருந்து மணிக்குத் திரும்பிச் செல்லும் தடத்தைப் பின்தொடர்ந்திருந்தால் அவை அகப்பட்டிருக்கும் என்பதை நானும் ஏற்கிறேன். அது வேலை இல்லாமல் பிறந்த பில். நம் முன்னால் இருப்பது உரிமை இல்லாத வேலை. இங்கே மணிகள் அத்தனையும் உண்மை. உண்மையான மணிகளை மேலும் மேலும் சரிபார்ப்பதால் இந்தப் பிழை வெளிப்படாது.

தோட்டப் பகுதியில் செய்த வேலைக்கு எவரும் பணம் மறுத்ததில்லை, வழக்கமே உரிமை என்பது அடுத்த மறுப்பு. பந்தி பி12 சட்டத்தையும் தீர்ப்புகளையும் பார்க்கச் சொல்கிறது. வணிக வழக்கத்தைப் பற்றி அது கேட்பதோ, நிறுவனம் தன் உரிமையை வலியுறுத்தாமல் விட்டு வந்திருப்பது அந்த உரிமையைச் சட்டப்படி பலமற்றதாக்கிவிட்டதா என்பதைத்தான். இலங்கையின் உரோமன்-டச்சுச் சட்டத்தில் நியாயமற்ற செழிப்புக்கெதிராகக் கோரிக்கை எழுப்ப இடமுண்டு. ஆனால் அது மறுதரப்புப் பெற்ற நன்மையை அளக்கிறது. கையளிக்காத வரைபடத்தால் அவர் பெற்றது சொற்பம். இதற்கு மாறாக வாதிட விரும்பும் நிறுவனம், தன் ஒப்பந்த வாசகத்தைக் குறித்துச் சட்டத்தரணியின் எழுத்துமூலக் கருத்தைக் கொண்டுவரட்டும்; வாய்மொழி உறுதியைக் கோப்பில் சேர்க்க முடியாது.

மே மாதத்தில் பில் போட்டுப் பணமும் வந்துவிட்டதே என்ற வாதம் இன்னும் எளிதாக ஈர்ப்பது. ஆண்டிறுதிக்குப் பிந்தைய வரவு, தொகை மீளும் என்பதற்கு நல்ல சான்று. 11 இலட்சம் செலவைச் சொத்தாக வைத்திருக்க அது உதவும். ஏப்ரலில் வரைபடம் ஏற்கப்பட்டதால் பிறந்த உரிமையை மார்ச்சுக்குப் பின்னோக்கி நகர்த்த அது உதவாது.

ஒரு வரம்பு உண்மையிலேயே உண்டு. பதுளையின் சிறு அளவை நிறுவனங்கள் பல, சிறிய நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றக்கூடியவை. 2015ஆம் ஆண்டு பதிப்பை ஒட்டிய அதன் 23ஆம் பிரிவில் பந்தி 35இன் சோதனை இல்லை. விளைவை நம்பத்தக்க விதத்தில் மதிப்பிட முடிந்தால் முன்னேற்ற வீதப்படி வருமானத்தை எடுக்கலாம். அங்கே 30 இலட்சம் நிற்கக்கூடும். அப்போதும் ஏற்பு வாசகத்தை விட்டுவிட முடியாது: ஒரு குறிப்பிட்ட செயல் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானதாயிருந்தால், அது நடக்கும்வரை வருமானத்தைத் தள்ளிவைக்க அந்தப் பிரிவும் சொல்கிறது. 40 துண்டுகள் ஒரே மதிப்பீட்டில் விலக்கப்பட்ட தோட்டத்தில், வரைபடம் ஏற்கப்படுவதே அந்தச் செயல் என்பது என் முடிவு.