ஒரே நிலுவை, இரண்டு கடிதங்கள்

போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை பெறும் ஆதிதிராவிட மாணவருக்குப் பணம் இரண்டு கையிலிருந்து வருகிறது. நூற்றுக்கு 40 மாநில அரசின் பங்கு, 60 ஒன்றிய அரசின் பங்கு. மாநிலம் தன் பங்கை மாணவரின் கணக்கில் செலுத்தி, அந்த விவரம் ஒன்றிய அரசுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்ற 60 பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே சிறு தொகை ஒன்று வந்து, பெருந்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடப்பது இந்தத் திட்டத்தில் அடிக்கடி நேர்கிறது. அப்படி நின்றுபோன ஒரு தவணையைப் பற்றி மாவட்ட நல அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதப்படும் இரண்டு மாதிரிக் கடிதங்களைப் பார்ப்போம். எழுதுபவர் விடுதியில் தங்கி பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. எண்களும் தேதிகளும் விளக்கத்துக்காக வைத்தவை.

முதல் கடிதம்:

"ஐயா, நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு இன்னும் ஸ்காலர்ஷிப் வரவில்லை. என்னோடு விண்ணப்பித்த எல்லாருக்கும் வந்துவிட்டது. பலமுறை போன் செய்தும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை. அப்பா கூலி வேலை செய்கிறார். மெஸ் பணம் கட்ட முடியாமல் மிகவும் கஷ்டப்படுகிறேன். தயவுசெய்து உடனே பணம் அனுப்பவும். ஆதார், பாஸ்புக் நகல் இணைத்துள்ளேன்."

இரண்டாவது:

"பொருள்: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை – 2024-25 – ஒன்றிய அரசின் பங்கு வரவு இல்லை – நிலை தெரிவிக்க வேண்டுதல்.

பார்வை: 1. விண்ணப்ப எண் TN20242500417, நாள் 14.11.2024. 2. தங்கள் அலுவலகத்துடன் தொலைபேசியில் பேசிய நாள் 12.06.2025.

ஐயா, பார்வை 1-இல் கண்ட விண்ணப்பத்தைக் கல்லூரி 05.12.2024 அன்று சரிபார்த்து அனுப்பியது. மாநிலப் பங்கு ரூ.2,400 என் கணக்கில் 18.03.2025 அன்று வரவானது. ஒன்றிய அரசின் பங்கு ரூ.3,600 இன்றுவரை (16.06.2025) வரவில்லை. என் ஆதார் இதே வங்கிக் கணக்குடன் 02.09.2024 முதல் இணைப்பில் உள்ளது, 15.06.2025 அன்று சரிபார்த்தேன். மாநிலப் பங்கு செலுத்தப்பட்ட விவரம் ஒன்றிய அரசுக்கு அனுப்பப்பட்டுவிட்டதா, என் தரப்பில் திருத்த வேண்டியது ஏதும் உண்டா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். விடுதி மெஸ் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் 30.06.2025."

விண்ணப்ப எண் இருப்பதும் இல்லாததும்தான் வேறுபாடு என்று முதலில் தோன்றும். அது பாதிதான் உண்மை. முதல் கடிதத்தின் தலையில் விண்ணப்ப எண்ணை மட்டும் சேர்த்து அனுப்பினால் என்ன ஆகும்? எழுத்தர் கணினியில் எண்ணைப் போடுவார். 18.03.2025 அன்று பணம் செலுத்தப்பட்டதாகத் திரை காட்டும். "தங்களுக்கு உதவித்தொகை ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது" என்று பதில் போய்விடும், கோப்பும் முடிந்துவிடும். அந்தப் பதில் பொய்யில்லை. "ஸ்காலர்ஷிப் வரவில்லை" என்று மாணவி எழுதியதுதான் உண்மைக்குப் புறம்பானது. 2,400 ரூபாய் வந்திருக்கிறதே. வந்ததைச் சொன்னால் வராததன் வலு குறைந்துவிடும் என்று பலரும் அஞ்சி அதை விட்டுவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறானது. வந்த தொகையும் அதன் தேதியும்தான், விண்ணப்பம் தள்ளுபடியாகவில்லை, கல்லூரியில் தேங்கவில்லை, மாநிலப் பணமும் வந்து சேர்ந்துவிட்டது என்பதையெல்லாம் ஒரே வரியில் காட்டுகின்றன. மிச்சமிருப்பது ஒரே கட்டம். எழுத்தர் அதை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டாவது கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஆதார் இணைப்பைப் பற்றியது. இந்தப் பணம் மாணவர் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை. ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியுடன் இணைக்கப்பட்டதோ, அந்த வங்கிக்குப் போகிறது. இடையில் வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, படிவத்தில் ஆதார் இணைப்புக்கு ஒப்புதல் தந்திருந்தால், இரண்டாவது தவணை சத்தமில்லாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். மாணவி பழைய பாஸ்புக்கைப் பார்த்து வரவில்லை என்பார். அலுவலகம் பணம் போயாயிற்று என்று சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆகவே எழுதுவதற்கு முன்பே, ஆதார் ஆணையத்தின் myAadhaar தளத்தில் Bank Seeding Status என்ற பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். எந்த வங்கி, இணைப்பு செயலில் இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் அங்கே தெரியும். அந்தத் தேதி மாநிலப் பங்கு வந்த நாளுக்கு முந்தையதாக இருந்தால் கணக்கு மாறவில்லை என்று பொருள். பிந்தையதாக இருந்தால், கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு, திரையில் காணும் வங்கிக்குப் போய் வரவைப் பாருங்கள்.

முதல் கடிதத்தில் இணைத்த ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் தேவையற்றவை மட்டுமல்ல, ஆபத்தானவையும்கூட. மின்னஞ்சல் பல கைகளுக்குப் போகும். அலுவலகத்திடம் ஏற்கெனவே உள்ள விவரம் அது. மிகவும் வேண்டுமென்றால் ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும்.

கேட்கும் விதத்திலும் இரண்டும் வேறு. "உடனே பணம் அனுப்பவும்" என்பது மாவட்ட அலுவலகத்தால் செய்ய முடியாத காரியம். ஒன்றிய அரசின் பங்கை அது அனுப்புவதில்லை. செய்ய முடியாததைக் கேட்டால் பதில் எழுதவே கை வராது. விவரம் அனுப்பப்பட்டதா, திருத்த வேண்டியது உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த மேசையிலேயே விடை உண்டு. ஒன்றிய நிதியே விடுவிக்கப்படாமல் இருந்தால் எவ்வளவு நல்ல கடிதமும் பணத்தைக் கொண்டுவராது. ஆனால் காத்திருக்க வேண்டியது எங்கே என்பதையாவது தெரிவிக்கும்.

முதல் கடிதத்தில் காப்பாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது: மெஸ் பணம். கஷ்டத்தைச் சொல்லக்கூடாது, அலுவலகக் கடிதம் வறட்சியாக இருக்க வேண்டும் என்று சிலர் கற்றுத்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் தொகையே மெஸ் போன்ற செலவுக்காகத்தான் தரப்படுகிறது. ஆனால் "மிகவும் கஷ்டப்படுகிறேன்" என்று வரும் கடிதங்கள் எல்லாம் எழுத்தருக்கு ஒரே மாதிரி இருக்கும். 30.06.2025 என்ற தேதி இந்தக் கடிதத்துக்கு மட்டும் உரியது. எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய உதவும். "பலமுறை போன் செய்தும்" என்பதற்கும் இதே கதிதான். அது குற்றச்சாட்டு, மறுமுனையில் இருப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளும். பார்வையில் 12.06.2025 என்று அமைதியாக ஏறும்போது அதுவே பதிவாகிறது. நண்பர்களுக்கு வந்துவிட்டது என்ற வரியால் பயனில்லை. அவர்களுடைய பிரிவும் வங்கியும் வேறாக இருக்கலாம்.

கடிதத்தின் நகலைக் கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கும் அனுப்புங்கள். திருத்தம் ஏதும் தேவைப்பட்டால் அவர் வழியாகத்தான் நடக்கும். பதில் வரவில்லையென்றால் புதிதாக ஒன்று எழுத வேண்டாம். இதே கடிதத்தின் பார்வையில் மூன்றாவதாக "எனது மின்னஞ்சல், நாள் 16.06.2025" என்று சேர்த்து மீண்டும் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இரண்டாவது கடிதத்தில் உள்ள அந்த இரண்டு கேள்விகளை, தேதிகளோடு, அப்படியே அந்த மனுவில் எழுதிவிடலாம்.