முகமாற்றத்துக்கு முன் மொய்ரேயும் தாள் தடமும் நீக்கல்

குழுப்படத்தில் ஒருவர் கண் மூடியிருந்தால், அதே நாளில் எடுத்த வேறொரு படத்திலிருந்து அவர் முகத்தை எடுத்துப் பொருத்துவதுண்டு. அந்தப் படம் தேன்கூட்டு வரி ஓடும் பட்டுத் தாளில் இருந்தால், வரியை முதலில் நீக்க வேண்டும். பொருத்தும்போது முகம் திருப்பப்பட்டு நீட்டப்படுவதால் வரியும் கோணலாகிவிடும். சீர் குலைந்த வரியைப் பிறகு பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்தே வெளிச்சம் வீசுவதால் தாளின் மேடுகளுக்கு நிழல் விழுகிறது. ஆகவே படத்தை 600 டிபிஐ-யில் ஒருமுறையும், 180 பாகை திருப்பி இன்னொரு முறையும் ஸ்கேன் செய்வார்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதலாவதன்மேல் துல்லியமாகப் பொருத்தி, 50 விழுக்காடு ஒளிபுகவிட்டால் எதிரெதிர் நிழல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எஞ்சியதை ஃபூரியே உருமாற்றம் காட்டிக்கொடுக்கும். அதில் வரி, மையத்தைச் சுற்றிச் சமச்சீரான வெண்புள்ளிகளாகத் தெரியும். அவற்றை மட்டும் கருப்பாக்க வேண்டும், மையத்தைத் தொடக்கூடாது. பத்திரிகை அச்சின் புள்ளிகளுக்கும் இதே வழி பொருந்தும். எதிர் உருமாற்றத்தால் படத்தை மீட்டு முழு அளவில் பார்க்கும்போது கன்னம் மெழுகுபோல் வழுவழுத்தாலோ, தாடையோரம் அலையடித்தாலோ அழிப்பு மிகுந்துவிட்டது என்று பொருள்.

திரையைப் படமெடுத்தால் வரும் மொய்ரே வேறு வகை. கேமரா உணரியின் கட்டமும் திரையின் கட்டமும் மோதிப் பிறக்கும் அந்த வண்ண அலை இடத்துக்கு இடம் மாறுவதால், புள்ளி அழிப்பு அங்கே பலிப்பதில்லை. தூரத்தையோ கோணத்தையோ சற்று மாற்றி மறுபடி எடுப்பதே நல்லது.