உரிமைப் பங்கு வெளியீடு

பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒன்று புதிய பங்குகளை வெளியாருக்கு விற்பதற்கு முன், ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு அவரவர் கையிருப்பின் விகிதத்தில், பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழே, வாங்க வாய்ப்பளிப்பது உரிமைப் பங்கு வெளியீடு. சந்தையில் இதை ரைட்ஸ் இஷ்யூ என்பார்கள்.

இதன் சட்ட வேர் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கிரே என்பவர் போர்ட்லண்ட் வங்கிமீது தொடுத்து 1807இல் தீர்ப்பான வழக்கை முதல் மைல்கல்லாகக் கொள்வது வழக்கம். வங்கி கூடுதல் பங்கு வெளியிட்டபோது பழைய பங்குதாரருக்கு அதில் பங்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு ஏற்றது. கூட்டாண்மை வழக்கங்களிலிருந்தே இக்கருத்து வந்தது என்பாரும் உண்டு.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 81ஆம் பிரிவில் இதை விதியாக்கியது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 62ஆம் பிரிவு. குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் பங்குதாரர் மறுத்துவிட்டதாகவே கொள்ளப்படும்; மௌனம் இங்கே சம்மதம் ஆவதில்லை. 1992 வரை வெளியீட்டு விலைக்கு மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் வேண்டும். அவர் அனுமதித்த விலை பெரும்பாலும் சந்தை விலையைவிட வெகுவாகக் குறைவு. காகிதக் காலத்தில் உரிமையைப் பிறருக்கு மாற்ற, தபாலில் வந்த விண்ணப்பத்தின் துறப்புப் பகுதியில் கையெழுத்திட்டுத் தரவேண்டும். பாதியை மட்டும் விற்க விரும்பியவர், படிவத்தைப் பிரித்துத் தரும்படி கெடு முடிவதற்குள் எழுதிக் கேட்கவேண்டும். இந்த அலைச்சலுக்குச் சோம்பியே பலர் உரிமையை வீணாக்கியிருக்கக்கூடும்.

2020 ஜனவரியில் செபி இதை மாற்றியது. உரிமைகளே டீமேட் கணக்கில் தனி இருப்பாக வந்து, சந்தையில் விலைபோகத் தொடங்கின. இம்முறையின் முதல் பெரிய சோதனை அதே ஆண்டு ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் நடத்திய 53,124 கோடி ரூபாய் வெளியீடு. மே 14 அன்று 15 பங்கு வைத்திருந்தவருக்கு ஒரு புதிய பங்கு, விலை 1,257 ரூபாய். அதில் கால்பங்கை, அதாவது 314.25 ரூபாயை மட்டும் முதலில் கட்டினால் போதும். மீதி 2021இல் இரண்டு தவணைகளாகக் கேட்கப்பட்டது. விண்ணப்பம் மே 20இல் தொடங்கி ஜூன் 3இல் முடிந்தது. உரிமைகளின் சந்தை வணிகமோ மே 29இலேயே நின்றுவிட்டது.

பங்குதாரர் ஏன் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்பது கணக்கில் தெரியும். சந்தை விலை 1,450 ரூபாய் எனக் கொள்வோம். பதினைந்து பழைய பங்கும் ஒரு புதிய பங்கும் சேர்ந்து 23,007 ரூபாய். அதைப் பதினாறால் வகுத்தால் ஒரு பங்கு ஏறத்தாழ 1,438 ரூபாய். வெளியீட்டுக்குப் பின் விலை அங்கே இறங்கும் என்பது கோட்பாடு. 150 பங்கு வைத்திருப்பவருக்குப் பத்து உரிமைகள் கிடைக்கும். முழுவிலையாக 12,570 ரூபாய் கட்டினால், பழைய பங்கில் விழுந்த நட்டத்தைப் புதிய பங்கின் தள்ளுபடி ஈடுகட்டும். உரிமைகளை ஏறத்தாழ 181 ரூபாய் வீதம் விற்றால், பணத்தில் நட்டமில்லை. நிறுவனத்தில் அவரது பங்கு விகிதம் மட்டும் பதினாறில் ஒரு பாகம் சுருங்கும். ஒன்றும் செய்யாதவருக்கு அந்தச் சுருக்கத்தோடு ஏறத்தாழ 1,809 ரூபாயும் போகும். ஆக, தள்ளுபடி என்பது பரிசு அல்ல. அவருடைய பணமே வேறு பையில் இருக்கிறது. சந்தை விலை வெளியீட்டு விலைக்குக் கீழே போய்விட்டால் மட்டும், உரிமையைக் காலாவதியாக விடுவதே புத்திசாலித்தனம்.

உண்மையில் ரிலையன்ஸ் உரிமையின் விலை முதல் நாளிலேயே 200 ரூபாயைத் தாண்டியது. முக்கால்பங்கு பணத்தைப் பின்னால் கட்டலாம் என்ற வசதியே காரணம் என்று சொல்வதுண்டு. ஊக வணிகம் என்பவர்களும் உண்டு. 15க்கும் குறைவாகப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு உரிமை பூஜ்யம் என்றாலும், கூடுதலாக ஒரு பங்கு கேட்டால் முன்னுரிமை இருந்தது. சிறிய சலுகைதான், ஆனாலும் குறித்து வைக்கத் தக்கது. இறுதியில் வெளியீட்டுக்கு 1.59 மடங்கு விண்ணப்பங்கள் வந்தன.

சந்தையில் உரிமையை வாங்கியவரும் தனியே விண்ணப்பித்துப் பணம் கட்டவேண்டும். மலிவு விலையில் பங்கே கிடைத்துவிட்டதாக எண்ணிச் சும்மா இருந்தால், கொடுத்த காசு முழுவதும் போகும். பிரிட்டனில் எடுக்கப்படாத பங்குகளைச் சந்தையில் விற்று, வெளியீட்டு விலைக்கு மேல் கிடைத்ததைப் பங்குதாரருக்கே அனுப்பும் வழக்கம் உண்டு. ஆனால் எப்போதும் அப்படி மிஞ்சுவதில்லை: 2008இல் ஹெச்பிஓஎஸ் வங்கியின் 400 கோடி பவுண்டு வெளியீட்டில் பங்குதாரர்கள் எடுத்தது 8.29 விழுக்காடு மட்டுமே. சந்தை விலை வெளியீட்டு விலைக்குக் கீழே இறங்கியிருந்தது. எடுக்கப்படாத பங்கை விற்றுப் பணம் தரும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. எஞ்சியவை கூடுதலாகக் கேட்ட பங்குதாரர்களுக்குப் போகும்.

2025 ஏப்ரல் முதல், இயக்குநர் குழுவின் ஒப்புதலிலிருந்து 23 வேலை நாட்களுக்குள் வெளியீட்டை முடிக்கவேண்டும் என்று செபி விதித்துள்ளது. குறிப்பிட்ட முதலீட்டாளர்களுக்குப் பங்கு ஒதுக்கவும் நிபந்தனைகளுடன் இடம் தரப்பட்டுள்ளது.