பழைய திறன்பேசியை விற்பதற்கு முன்பு

பழைய திறன்பேசியை விற்கும்போது, படங்களை அழித்துச் சிம் அட்டையை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் அழித்த படங்களை மீட்டெடுக்க முடியலாம். கணக்கு நீக்கப்படாமல் இருந்தால், வாங்கியவரால் திறன்பேசியைப் பயன்படுத்த முடியாமலும் போகலாம். இவற்றைத் தவிர்க்க, வேலைகளைச் சரியான வரிசையில் செய்யவேண்டும்.

முதலில் சிங்பாஸ், வங்கிச் செயலிகள், வாட்ஸ்அப் ஆகியவற்றைப் புதிய திறன்பேசியில் நிறுவி, அவை வேலை செய்வதை உறுதிப்படுத்துங்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் ஒவ்வொன்றாக அழிக்கவேண்டாம். கணக்கு இணைந்திருக்கும்போது அழித்தால், புதிய திறன்பேசியிலும் அவை மறைந்துவிடக்கூடும்.

அடுத்தது மறையாக்கம். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புடன் வெளிவந்த திறன்பேசிகளில், தகவல்கள் தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஐஃபோன்களும் அப்படித்தான். மீட்டமைக்கும்போது அதற்கான திறவுகோல் அழிவதால், எஞ்சும் தகவல்களைப் படிக்க இயலாது. மிகப் பழைய ஆண்ட்ராய்டு கருவியாக இருந்தால், பாதுகாப்பு அமைப்புகளில் Encrypt phone என்பதைத் தேடுங்கள். மின்னூட்டியில் இணைத்தபடியே அதை முடிக்கவேண்டும். ஒரு மணி நேரத்திற்கும் மேலாகலாம். நினைவக அட்டை இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பின்னர் கணக்கை நீக்குங்கள். ஆண்ட்ராய்டில் Settings பகுதியில் உள்ள கணக்குகளில் கூகல் கணக்கை நீக்கிய பிறகே, Factory data reset செய்யவேண்டும். கணக்கை நீக்காமல், பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி மீட்டமைத்தால், பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கருவி கேட்கும். ஐஃபோனில் Find My வசதியை நிறுத்திவிட்டு, Erase All Content and Settings என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை சரியாக முடிந்ததா என்பதை அறிய, கருவியை மீண்டும் இயக்கி, வைஃபையில் இணைத்துத் தொடக்கப் படிகளைக் கடந்து பாருங்கள். பழைய கணக்கைக் கேட்காமல் தொடர்ந்தால், அதை விற்கலாம். ஐஃபோனை ஏற்கெனவே கொடுத்துவிட்டு Find My வசதியை நிறுத்த மறந்திருந்தால், iCloud.com/find தளத்திலிருந்தும் கருவியை அகற்றலாம்.

விற்க முடியாத கருவியை வீட்டுக் குப்பையிலோ நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியிலோ போடக்கூடாது. லாரியில் நசுங்கும் லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடும். சிங்கப்பூரில் மின்னணுக் கழிவுத் தொட்டிகளில் திறன்பேசியை அப்படியே போடலாம், மின்கலத்தைப் பிரித்தெடுக்கவேண்டியதில்லை. தனியாகக் கழன்ற மின்கலமாக இருந்தால், அதன் முனைகளை ஒட்டுநாடாவால் மூடுங்கள்.

பின்மூடி உப்பியிருந்தாலோ திரை மேலெழும்பியிருந்தாலோ மின்கலம் வீங்கியிருக்கலாம். அதற்கு மின்னேற்றவோ அழுத்தவோ குத்தவோ கூடாது. தொட்டியிலும் போடாமல், எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். பழுதுபார்ப்பு நிலையத்தைத் தொடர்புகொண்டு, நிலைமையைச் சொல்லி நேரில் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.