கீமோ எடுத்தவருக்குக் காய்ச்சல்: விடியும்வரை காத்திருக்கக் கூடாது ஏன்?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு முதல்நாள் இரவு அது. பெரியம்மாவின் வீடு கோயிலில் இருந்து நடந்துபோகும் தூரம். வீடு நிறைய உறவினர்கள். பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான இரண்டாவது கீமோ ஏற்றிப் பத்து நாட்கள் ஆகியிருந்தன. இரவு ஒன்பது மணிக்கு உடம்பு சுடுகிறது என்றார். வெப்பமானி 100.8 காட்டியது. இரண்டு பரசிற்றமோல் கொடுத்தார்கள். பத்தரைக்கு 99 ஆனது. எல்லோரும் நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள்.

அதிகாலை மூன்றரைக்குத் தம்பி எனக்குத் தொலைபேசி எடுத்தான். "அக்கா, அம்மாவுக்கு நடுங்குது. 102 காட்டுது. விடியக் கொண்டுபோனாக் காணுமோ?"

நான் புற்றுநோய் விடுதியில் பல வருடங்கள் தாதியாக வேலை செய்தவள். "விடியப் பாக்காத, இப்பவே ஓட்டோவைக் கூப்பிடு. வாசலிலேயே சொல்லு, கீமோ ஏத்தினவ, பத்தாம் நாள், காய்ச்சல் எண்டு" என்றேன். வைத்தியசாலையில் அளந்தபோது குருதி அமுக்கம் 80க்கு 50. பெரியம்மா பிழைத்தார். ஆனால் அதற்கு ஐந்து நாட்கள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்பட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வன்னியில் காய்ச்சல் என்றால் டெங்கு, வயல் வேலை செய்பவர் என்றால் எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் நினைப்போம். டெங்குக்குச் சொல்லித்தந்ததும் சரியானதுதான்: பரசிற்றமோல் கொடு, நீராகாரம் கொடு, மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதி. மற்றவர்களுக்குப் பொருந்தும் அந்தப் பழக்கமே கீமோ எடுத்த ஒருவருக்கு உயிராபத்து ஆகிவிடுகிறது.

காரணம் நியூட்ரோபில் என்ற வெண்குழியம். பாடப்புத்தகத்தில் நடுநிலைநாடி என்று படித்திருப்போம். பக்டீரியா உள்ளே நுழைந்தால் முதலில் ஓடிவந்து விழுங்குவது இதுதான். ஆனால் குருதியில் இதன் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. அதனால் என்பு மச்சை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. வேகமாகப் பிரியும் கலங்களைக் கொல்வதுதான் கீமோவின் வேலை. புற்றுக்கலத்தோடு சேர்த்து மச்சையின் உற்பத்தியையும் அது நிறுத்துகிறது. சேமிப்பில் இருப்பவை சில நாட்களில் தீர்ந்துபோகும். ஆகவே மருந்து ஏற்றிய அன்று அல்ல, பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்தான் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு வருகிறது. வாந்தி நின்று, சாப்பாடு பிடித்து, "இப்ப சுகம்" என்று சொல்லும் நாட்களும் அவைதான்.

எண்ணிக்கையைக் கணக்கிடுவது எளிது. பெரியம்மாவின் ரிப்போட்டில் மொத்த வெண்குழியம் 900, அதில் நியூட்ரோபில் 12 வீதம். 900ஐ 12ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 108. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 1500க்குக் கீழே போனால் நியூட்ரோபில் குறைவு என்கிறோம். 500க்குக் கீழே என்றால் கடுமையான குறைவு. 1966இல் அமெரிக்க வைத்தியர் ஜெரால்ட் போடியும் அவரது சகாக்களும் இரத்தப் புற்றுநோயாளர்களைத் தொடர்ந்து கவனித்து, எண்ணிக்கை இறங்க இறங்கத் தொற்று கூடுவதையும், குறைவு நீடித்தால் அது இன்னும் மோசமாவதையும் காட்டினார்கள். 500 என்ற எல்லை அந்த அனுபவத்தில் இருந்து வந்தது.

அடுத்த கேள்வி, கிருமி எங்கிருந்து வருகிறது? பொங்கலுக்கு வந்த கூட்டத்தில் இருந்து வந்திருக்கும் என்று பெரியம்மா வீட்டில் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் அது வெளியில் இருந்து வருவதில்லை. கீமோ வாயினதும் குடலினதும் உட்சுவரையும் அரிக்கிறது. அங்கே சாதாரணமாக வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பக்டீரியாக்கள் அந்த விரிசலால் குருதிக்குள் இறங்குகின்றன. தடுக்க ஆளில்லை. சில மணி நேரத்தில் பெருகி, குருதி அமுக்கத்தை வீழ்த்திவிடும்.

இதைவிட ஏமாற்றுவது, நோயின் அடையாளங்கள் தெரியாமல் போவது. சீழ் என்பதே பெருமளவுக்கு இறந்த நியூட்ரோபில்கள்தான். அவை இல்லாவிட்டால் புண்ணில் சீழ் இராது, தொண்டை பெரிதாகச் சிவக்காது, நியூமோனியா இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம். "இருமல் இல்லை, புண் இல்லை, வெறும் காய்ச்சல்தான்" என்று தம்பி சொன்னதும் அதனால்தான். இப்படிப்பட்டவரிடம் காய்ச்சல் ஒன்றுதான் தெரியும் ஒரே அடையாளம். பரசிற்றமோல் அதையும் மறைத்துவிட்டது. கிருமியை அது தொடவில்லை.

ஒருமுறை 38.3 பாகை, அதாவது 101 பரனைட். அல்லது 38, அதாவது 100.4, ஒரு மணி நேரம் நீடித்தால் அது அவசர நிலை. ஒன்பது மணிக்கு 100.8 காட்டியபோதே புறப்பட்டிருக்க வேண்டும். மாத்திரை போடுமுன் அளக்க வேண்டும். மலவாசல் வழியாக அளக்கவோ மருந்து வைக்கவோ கூடாது. சிறு கீறலும் கிருமிக்கு வழியாகிவிடும். வயதானவர்களிடமும், வாந்தியைத் தடுக்க டெக்சாமெதசோன் எடுப்பவர்களிடமும் காய்ச்சலே வராமல் போகலாம். நடுக்கம், தலைசுற்று, குழப்பமான பேச்சு, சலம் குறைதல் இருந்தால் வெப்பமானி என்ன சொன்னாலும் போக வேண்டும்.

வைத்தியசாலையில் நடக்க வேண்டியது இதுதான். குருதியில் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் பிப்பரசிலின்-ராசோபக்டம் போன்ற வலுவான நுண்ணுயிர்கொல்லியை நாளத்தினூடாக ஏற்றுவது. வளர்ப்பு முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும். நோயாளிக்கு அந்த நேரம் இல்லை. ஆபத்துக் குறைந்த சிலருக்கு வாய்வழி மருந்து போதும் என்று வைத்தியர் முடிவெடுக்கலாம். அதை வீட்டில் இருந்து நாம் முடிவெடுக்க முடியாது.

கீமோ மட்டும்தான் காரணம் என்றில்லை. தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்பவருக்குக் கொடுக்கும் கார்பிமசோல், மனநோய்க்கான குளோசபீன் ஆகியவை மிகச் சிலரிடம் நியூட்ரோபில்லை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடும். கார்பிமசோல் குடிப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்தம் பரிசோதிக்க வேண்டும். குளோசபீனுக்குத் தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தம் எடுப்பதும் இதற்காகவே. இரத்தப் புற்றுநோயிலும் மச்சை செயலிழப்பிலும் உற்பத்தி குறைகிறது. பி12, போலேற் சத்துக் குறைபாட்டிலும் அப்படித்தான். லூப்பஸ் போன்ற நோய்களில் உடலே தன் நியூட்ரோபில்லை அழிக்கிறது.

டெங்கிலும் வெண்குழியம் இறங்கும். அதனால்தான் ரிப்போட்டைப் பார்த்து "டெங்குதான்" என்று ஏமாறுகிறோம். ஆனால் டெங்கில் குறைவு சில நாட்களே நீடிக்கும், கீமோவில் போலக் குடற்சுவர் அரிபடுவதில்லை. அங்கே பயப்பட வேண்டியது பிளாஸ்மாக் கசிவுக்குத்தான். அதேபோல, நோயெதுவும் இல்லாத ஒருவரின் ரிப்போட்டில் 1200 என்று இருந்தால் பதறத் தேவையில்லை. சில வாரங்களில் மீண்டும் பரிசோதித்தால் போதும்.

யாழ்ப்பாணமோ தெல்லிப்பழையோ வற்றாப்பளையில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். கீமோ ஏற்றிய இடத்துக்கே போக வேண்டும் என்று புறப்பட்டால் அந்த ஒரு மணி நேரம் பரந்தன் வீதியிலேயே போய்விடும். முதல் ஊசி பக்கத்து வைத்தியசாலையில், பிறகு மாற்றலாம்.

பெரியம்மாவின் மூன்றாவது கீமோவுக்குப் பிறகு, மச்சையைத் தூண்டும் ஊசியும் கொடுத்தார்கள். தம்பி கலண்டரில் ஏழாம் நாளில் இருந்து பதினான்காம் நாள்வரை சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். கிளினிக் கொப்பியும் வெப்பமானியும் ஒரே பையில், ஓட்டோக்காரரின் இலக்கம் கதவில்.

பரசிற்றமோல் அட்டையை மட்டும் பெரியம்மாவே எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.