நேசமணிக்கு முன்னாடி ஒரு நேசமணி: ஒரு ஹேஷ்டேக் வைக்கப் போன கதை

இந்த எபிசோட் ஒரே ஒரு ஹேஷ்டேக்கைப் பத்தினது. ஆனா அது வழியா 1954ஆம் வருஷத்துக்குப் போயிட்டு வரணும்.

ஆகஸ்ட் 11க்கு ஒரு சின்ன கேம்பெய்ன் பண்ணலாம்னு புதுக்கடையைச் சேர்ந்த நண்பர் ஒருத்தர் கேட்டார். மார்த்தாண்டம் பக்கத்துல இருக்குற ஊர் அது. அப்போ கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு. தமிழ் பேசுற தாலுகாக்களை சென்னை மாநிலத்தோட சேர்க்கணும்னு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிக்கிட்டு இருந்தது. 1954 ஆகஸ்ட் 11ஐ அவங்க விடுதலை நாளா அறிவிச்சாங்க. அன்னைக்கு மார்த்தாண்டத்திலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தாங்க. முதலமைச்சரா இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. அவர் பதவி விலகணும்னு அதே கட்சியோட பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே சொன்னார். கட்சி கேக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு, 1956 நவம்பர் 1ஆம் தேதி, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு.

இதை நினைவுபடுத்த ஒரு ஹேஷ்டேக் வேணும். அஞ்சு நிமிஷ வேலைன்னு நினைச்சேன்.

நான் முதல்ல எழுதினது #PuthukkadaiShooting. நண்பர் பாத்துட்டு, "மக்கா, எந்தப் படத்துக்கு ஷூட்டிங்?"னு கேட்டார். சரியான கேள்வி. இங்கிலீஷ்ல துப்பாக்கிச்சூட்டையும் அந்த வார்த்தை குறிக்கும். நம்ம ஊர்ல ஷூட்டிங்னா கேமராதான், ஹீரோ வந்திருக்காரான்னுதான் ஜனங்க எட்டிப் பாப்பாங்க. இங்கிலீஷ்ல தப்பே இல்லாத ஒரு வார்த்தை, தமிழ்க் காதுல செத்தவங்களை சினிமாவா மாத்திடுது.

இங்கிலீஷ்ல மட்டும் பாத்தாலும் தப்பிக்க முடியாது. 2013 ஏப்ரல் 8ஆம் தேதி பிரிட்டனோட முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தாங்க. #nowthatchersdead ட்ரெண்ட் ஆச்சு. "Now Thatcher's dead"ன்னு எழுதினவங்க நினைச்சாங்க. "Now that Cher's dead"ன்னு நிறைய பேர் படிச்சாங்க. பாடகி ஷேர் செத்துட்டதா நினைச்சு இரங்கல் போட ஆரம்பிச்சாங்க. ஷேர் உயிரோட நல்லாத்தான் இருந்தாங்க.

காரணம் ரொம்ப எளிமை. ஹேஷ்டேக்ல இடைவெளி வராது, மேற்கோள் குறி வராது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதுக்கு ஒண்ணுதான். நீங்க NowThatchersDead-னு அழகா போட்டாலும் அடுத்தவர் சின்ன எழுத்துலதான் அடிப்பார். அதனால முதல் சோதனை இதுதான்: முழுக்க சின்ன எழுத்துல எழுதி, எங்கெல்லாம் வெட்ட முடியுமோ அங்கெல்லாம் வெட்டிப் படிங்க. நீங்க உருவாக்கினதை நீங்களே படிச்சா உங்க அர்த்தம்தான் கண்ணுல விழும். அதனால விஷயம் தெரியாத ஒருத்தர்கிட்ட கொடுத்து சத்தமாப் படிக்கச் சொல்லணும்.

அப்புறம் வெறும் ஊர்ப் பேரையே வைக்கலாம்னு பாத்தோம். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதும்போது குறில் நெடில் தெரியாது, த-வா ட-வான்னும் தெரியாது. kadai-ங்கறதை நாம கடைன்னு படிப்போம். ஒருத்தர் காடைன்னு படிப்பார். ஹோட்டல் மெனுவில் கடாய் பனீர் பாத்துப் பழகினவர், புதுசா கடாய் வாங்கியிருக்காங்கன்னு நினைப்பார். எழுதுறவங்களும் Puthukkadai, Puthukadai, Pudukadai-ன்னு ஆளுக்கொரு விதமா எழுதுவாங்க. ஒரே பேச்சு மூணு டேக்ல சிதறிடும்.

தமிழ் எழுத்துல இந்தத் தொல்லை இல்ல. #புதுக்கடைக்கு ஒரே எழுத்துக்கூட்டுதான். ஆனா அந்தப் பேரோட நேர் அர்த்தமே புதுசா திறந்த கடை. ஜவுளிக்கடை திறக்கிறவரும் பிரியாணிக்கடை திறக்கிறவரும் அதையேதான் போடுவாங்க. அசிங்கமான அர்த்தம் எதுவும் இல்ல. ஆனா நினைவஞ்சலிக்குப் பக்கத்துல திறப்புவிழா தள்ளுபடி வந்து நின்னா நல்லாவா இருக்கும்?

#ViduthalaiNaal? போராடினவங்க வச்ச பேரு அது. ஆனா 2023ல வெற்றிமாறனோட 'விடுதலை' வந்ததுக்கு அப்புறம், விடுதலைன்னு தேடினா படம்தான் முன்னாடி வந்து நிக்கும்.

கடைசியா தலைவர் பேருக்கு வந்தோம். இதுதான் என்னை உலுக்கிய இடம். அந்தப் போராட்டத்தை நடத்தினவர் மார்ஷல் நேசமணி. வழக்கறிஞர், நாகர்கோவில் தொகுதி எம்.பி. மார்த்தாண்டத்துல அவர் பேர்ல கல்லூரி இருக்கு. ஒரு காலத்துல குமரி மாவட்ட அரசு பஸ்ல எல்லாம் அவர் பேர்தான்.

சரி, நேசமணின்னு தேடிப் பாருங்க. கான்ட்ராக்டர் நேசமணி வருவார்.

2019 மே மாசம், கட்டுமானம் பத்தின ஒரு ஃபேஸ்புக் பக்கத்துல ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க நாட்டுல இதுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. இதாலதான் நேசமணி மண்டை உடைஞ்சதுன்னு நம்மாளு ஒருத்தர் பதில் போட்டார். 2001ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்து வடிவேலு காமெடி. ஒருத்தர் நிஜம்னு நம்பி அவர் எப்படி இருக்கார்னு விசாரிக்க, #Pray_for_Neasamani பிறந்துச்சு. மே 29, 30 தேதிகள்ல உலக அளவுல ட்ரெண்ட் ஆச்சு. நானும் ட்வீட் போட்டேன், சிரிச்சேன்.

மார்ஷல் நேசமணி இறந்தது 1968 ஜூன் 1. அதாவது அவரோட நினைவு நாளுக்கு ரெண்டே நாள் முன்னாடி, அவர் பேருக்காக உலகமே பிரார்த்தனை பண்ணுச்சு. அவருக்காக இல்ல.

யார் மேலயும் தப்பு சொல்லல. ஆனா இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. இங்கிலீஷ்ல அவர் Nesamony, காமெடிக்காரர் Nesamani. ரெண்டு எழுத்து வித்தியாசம் காப்பாத்துது. தமிழ்ல எழுதினா ரெண்டும் நேசமணிதான். ஊர்ப் பேருக்குத் தமிழ் எழுத்து உதவுச்சு, ஆள் பேருக்கு அதே எழுத்து காலை வாரிடுச்சு. அதனால ரெண்டு மொழியிலயும் தனித்தனியா சோதிக்கணும். 2018ல ஒருத்தர் #நேசமணி டேக்கை சோதிச்சிருந்தா சுத்தமா பாஸ் ஆகியிருக்கும். அடுத்த வருஷமே அது கைவிட்டுப் போச்சு. இந்தச் சோதனை இன்னைக்குத்தான் செல்லும். கேம்பெய்ன் நாளன்னைக்குக் காலையில ஒரு தடவை தேடிப் பாக்கணும்.

முடிவா நாங்க எடுத்தது #புதுக்கடை1954. வருஷம் பின்னாடி வந்ததும் திறப்புவிழா அர்த்தம் விழுந்துடுது. வெறும் #1954 வைக்க முடியாது, எண் மட்டும் இருந்தா ட்விட்டர் அதை டேக்கா எடுத்துக்காது.

எத்தனை பேர் போடுறாங்கன்னு எண்ண ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். பூஜ்யம்னு வந்துச்சு. பாத்தா இதுதான் காரணம்:

```python
import re
tag = "#புதுக்கடை1954"
re.findall(r"#\w+", tag)                # ['#ப']
re.findall(r"#[\w\u0B80-\u0BFF]+", tag) # ['#புதுக்கடை1954']
```

பைதானோட `\w` உயிர்மெய்க் குறிகளை எழுத்தா கணக்குல எடுக்கறதில்ல. 'பு'வில் இருக்குற உகரக் குறியிலேயே வெட்டிடுது. தமிழ் யூனிகோட் வரிசையைச் சேர்த்தா சரியாயிடும்.

டேக் வச்சதை நண்பரோட தாத்தாகிட்ட காட்டினோம். ஹேஷ்டேக்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. விஷயத்தைச் சொல்லாம, சும்மா படிங்க தாத்தான்னோம். "புதுக்கடை, அம்பத்தி நாலு"ன்னார். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "வெடி வச்ச வருசம்லா"ன்னார்.

எங்களுக்கு அந்த டேக் பாஸ் ஆனது அப்போதான்.