சுழலும் சக்கரமும் கலீலியோவின் கணக்கும்

பூமி தன்னைத் தானே சுற்றுகின்றதாயின், அதன் மேலுள்ள கல்லும் மண்ணும் வீடும் மரமும் வானில் வீசி எறியப்படாமல் இருப்பது எவ்வாறு? வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேறு, சக்கரம் விரைந்து உருளும்போது நாற்புறமும் தெறிக்கின்றது. கவணில் வைத்துச் சுழற்றிய கல், பிடியை விட்டதும் பறந்து போகின்றது. பூமியின் நடுக்கோட்டிலுள்ள ஓரிடமோ மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். அப்படியிருக்க, அங்கே ஒரு துரும்பாவது நிலைத்து நிற்குமா? பூமி அசையாதது என்று வாதிட்டோர் கையில் வைத்திருந்த வலிய கேள்விகளுள் இஃதும் ஒன்று. 1543-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிற் கோப்பர்நிக்கஸ் இதனை எடுத்துக் கூறி, இயற்கையான சுழற்சி பொருள்களைச் சிதறடிக்காது என்று விடையிறுத்தார். அது தத்துவ விடையேயன்றிக் கணக்கு அன்று.

கணக்கு எங்கே தவறியது, யார் கையில் திருந்தியது என்பதே ஈண்டுக் கூறப் புகும் வரலாறு. அதற்கு முன்னர்ச் சக்கரத்தின் இயல்பைச் சிறிது தெளிந்து கொள்ளல் வேண்டும்.

குயவர் சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம் 30 சென்டிமீட்டர். விளிம்பில் ஒரு சுண்ணப் புள்ளியும், மையத்திற்கும் விளிம்பிற்கும் நடுவே, 15 சென்டிமீட்டர் தொலைவில், மற்றொரு புள்ளியும் இடப்பட்டுள்ளன. நின்றிருந்த சக்கரம் ஒரே சீராக விரைவு பெற்று, 4 விநாடியில் விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தை அடைகின்றது. இடைப்பட்ட நேரத்தில் அது 2 சுற்றுச் சுற்றியிருக்கும். இரு புள்ளிகளும் திரும்பிய கோணம் ஒன்றே. ஆயின், விளிம்புப் புள்ளி நடந்த வழி 3.77 மீட்டர், உட்புள்ளி நடந்த வழி அதிற் பாதி. கோணம் சக்கரம் முழுவதற்கும் பொது. தொலைவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனி. இரண்டையும் இணைப்பது ஆரம்.

இந்த இணைப்பு எளிமையாக அமையக் கோணத்தைப் பாகையில் அளவாமல், ஆரத்தின் நீளமுள்ள வில் மையத்தில் தாங்கும் கோணத்தையே ஓர் அளவாகக் கொள்வர். அதுவே ரேடியன். முழுச் சுற்றில் 6.28 ரேடியன் உண்டு. கோணத்தை ரேடியனில் சொன்னால், அதனை ஆரத்தாற் பெருக்கிய அளவே புள்ளி நடந்த தூரம். கோண வேகத்தை ஆரத்தாற் பெருக்கினால் புள்ளியின் வேகம் வரும். நம் சக்கரத்தில் விநாடிக்கு 6.28 ரேடியன் என்பது விளிம்பில் விநாடிக்கு 1.88 மீட்டர் ஆகின்றது. கோண முடுக்கத்தை, அதாவது கோண வேகம் விநாடிதோறும் வளரும் அளவை, ஆரத்தாற் பெருக்கினால் புள்ளி தன் பாதை வழியே வேகம் பெறும் அளவு வரும். அது விநாடிக்கு விநாடி 0.47 மீட்டர். ரேடியன் என்ற சொல் அச்சேறியது 1873-இல், பெல்பாஸ்ட் நகரக் கல்லூரித் தேர்வுத்தாள் ஒன்றில்தான். முன்னோர் இவற்றையெல்லாம் விகித சமத்தைக் கொண்டே செய்து முடித்தனர்.

இம்மூன்று பெருக்கல்களோடு பலர் நின்றுவிடுவர். இடறும் இடம் இனிமேல்தான் வருகின்றது. சக்கரம் விநாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தை அடைந்தபின் அதனை அப்படியே ஓடவிட்டால், கோண முடுக்கம் இல்லையாகின்றது. பாதை வழியான முடுக்கமும் உடன் மறைகின்றது. புள்ளிக்கு முடுக்கமே இல்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. வேகத்தின் அளவு மாறாவிடினும் திசை கணந்தோறும் மாறிக்கொண்டிருக்கின்றது. அம்மாற்றம் மையத்தை நோக்கிய முடுக்கமாகும். அதன் அளவு, கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாற் பெருக்கியது. நம் சக்கரத்தின் விளிம்பில் அது 11.8. புவியீர்ப்பால் வீழும் பொருளின் முடுக்கம் 9.8 மட்டுமே என்பதை நோக்க, இதன் வலிமை புலனாகும். இந்த முடுக்கத்தைத் தர வல்ல பிடிப்பு இல்லையாயின், விளிம்பிலுள்ள பொருள் சக்கரத்தோடு திரும்பமாட்டாது. தொடுகோட்டு வழியே செல்லத் தலைப்படும். சேறு தெறிப்பதன் காரணம் இதுவே.

இப்போது கலீலியோவிடம் வருவோம். 1632-ஆம் ஆண்டில் வெளிவந்த உரையாடல் நூலின் இரண்டாம் நாட் பகுதியில், பூமி ஏன் கற்களை எறிவதில்லை என்பதை அவர் நெடிது ஆராய்கின்றார். எறியப்படும் பொருள் மையத்தினின்று நேரே வெளியே ஓடுவதில்லை, தொடுகோட்டின் வழியேதான் செல்லும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். தொடுகோடு வட்டத்தைத் தொடும் இடத்தருகே இரண்டிற்கும் உள்ள இடைவெளி மிக மிகச் சிறியது. எனவே, பொருள் வட்டத்தை விட்டு விலகாதிருக்க அது கீழே இறங்க வேண்டிய அளவும் மிகச் சிறியதே. வீழும் பொருளின் வேகமோ தொடக்கத்தில் சிறிதாயினும் காலத்திற்கு நேர் விகிதத்தில்தான் குறைகின்றது. இடைவெளி அதனினும் விரைந்து குறைந்து போகின்றது. ஆதலால், எடை எவ்வளவு சிறிதாயினும் பொருள் பூமியை விட்டு எழாது என்று அவர் முடித்தார்.

முடிவு சரி, வழி தவறு. இந்த வாதம் உண்மையாயின், எந்தச் சக்கரமும் எந்த வேகத்திலும் தன் உச்சியிலுள்ள கல்லை எறிய முடியாது. சேற்று வண்டியைக் கண்ட எவரும் அதனை ஏற்கமாட்டார். கலீலியோ ஒப்பிட்டது வீழும் வேகத்தை. ஒப்பிட வேண்டியது வீழும் தூரத்தை. வீழும் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற விதியை உலகுக்கு அளித்தவரே அதனை இங்கே பயன்படுத்தத் தவறியது வியப்புக்குரியது.

இத்தவற்றை எண்களாற் காணலாம். ஒரு மீட்டர் ஆரமுள்ள சக்கரம் செங்குத்தாக நிற்கின்றது; அதன் உச்சியில் ஒரு கல், கட்டப்படாமல், விளிம்போடு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்திற் செல்கின்றது. விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அது தொடுகோட்டில் 1 சென்டிமீட்டர் சென்றால், விளிம்புக்கும் அதற்கும் இடையே ஏற்படும் வெளி 0.05 மில்லிமீட்டர். அதே நேரத்திற் கல் வீழும் தூரம் 0.49 மில்லிமீட்டர். நேரத்தைப் பத்து மடங்காக்கினால் இடைவெளி 5 மில்லிமீட்டர். வீழும் தூரம் 49 மில்லிமீட்டர். இரண்டும் நூறு மடங்காகப் பெருகின. ஒன்றுக்குப் பத்து என்ற விகிதம் மட்டும் மாறவில்லை. இடைவெளி சிறியதா பெரியதா என்பது பொருளன்று. இரண்டும் ஒரே வகையில் வளர்வதால், எது வெல்லும் என்பதை இவ்விகிதமே தீர்மானிக்கின்றது. விளிம்பின் வேகத்தை விநாடிக்கு 3.13 மீட்டருக்கு உயர்த்தினால் விகிதம் சமமாகின்றது. அதற்கு மேற்பட்டால் கல் எழுந்து போகும்.

இதனைக் கண்டு தெளிந்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். 1659-ஆம் ஆண்டில் அவர் மையவிலக்கு விசை பற்றிய தம் ஆராய்ச்சியை எழுதினார். ஊசற் கடிகாரம் பற்றி 1673-இல் வெளியிட்ட நூலின் இறுதியில், நிறுவல் எதுவும் தராமல், பதின்மூன்று தேற்றங்களை மட்டும் சேர்த்தார். முழு நூல் அவர் மறைந்த பின்னர் 1703-இல்தான் அச்சாயிற்று.

அத்தேற்றங்களுள் முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றும். இரு பொருள்கள் சம காலத்தில் வட்டத்தைச் சுற்றி முடித்தால், பெரிய வட்டத்திலுள்ளதற்கே விசை மிகுதி. விட்டம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். இரண்டும் சம வேகத்திற் சென்றாலோ, பெரிய வட்டத்திலுள்ளதற்கு விசை குறைவு. விட்டம் இரட்டித்தால் விசை பாதியாகும். முன்னதிற் சமமாக வைக்கப்பட்டது கோண வேகம். பின்னதிற் சமமாக வைக்கப்பட்டது விளிம்பின் வேகம். வேகம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதனாலேயே மயக்கம் விளைகின்றது. மாணவர் தேர்வுத்தாளில் இன்றும் இவ்விடத்தில் தவறுவதை ஆசிரியர்கள் அறிவர்.

கலீலியோவும் இம்மயக்கத்திற்கு ஆளானார். சம விளிம்பு வேகமுள்ள இரு சக்கரங்களுள் பெரியது குறைவாகவே எறியும் என்பதைச் சரியாகவே கண்டார். ஆயின் அங்கிருந்து ஒரு படி தாவி, நாளொன்றுக்கு ஒரு முறை சுற்றும் பூமியின் எறியும் ஆற்றல், நாளொன்றுக்கு ஒரு முறை சுற்றும் சிறு சக்கரத்தின் ஆற்றலைவிட மிகுந்ததன்று என்றார். ஹைகன்ஸின் முதல் தேற்றப்படி இது பெரும் பிழை. சுற்றும் காலம் சமமாயின், ஒரு மீட்டர்ச் சக்கரத்தைவிடப் பூமியின் ஆற்றல் ஏறத்தாழ அறுபத்துமூன்று இலட்சத்து எழுபத்தெட்டாயிரம் மடங்கு. அதன் ஆரம் அத்தனை மீட்டர்.

அத்தனை மடங்காகியும் அது சிறிதே. பூமியின் கோண வேகம் விநாடிக்கு 0.0000729 ரேடியன். இதன் வர்க்கத்தை ஆரத்தாற் பெருக்கினால் நடுக்கோட்டில் 0.034 கிடைக்கின்றது. பூமியின் கோண முடுக்கத்தைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. கடல் ஓதத்தின் உராய்வால் ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிவிநாடிதான் கூடுகின்றது. ஆக, எறிய முயலும் அளவு 0.034, பிடித்து வைக்கும் அளவு 9.8. முன்னது பின்னதில் ஏறத்தாழ 290-இல் ஒரு பங்கு. 1690-இல் வெளியிட்ட நூலில் ஹைகன்ஸ் கண்ட விடை 289-இல் ஒரு பங்கு. 289 என்பது 17-இன் வர்க்கம்; எனவே பூமி இன்னும் 17 மடங்கு விரைந்து சுற்றினால், நடுக்கோட்டிற் பொருள்களின் எடை அற்றுப்போகும். அப்போது ஒரு நாளின் நீளம் 85 நிமிடமே இருக்கும்.

290-இல் ஒரு பங்கு என்பது கண்ணுக்குப் புலப்படாததாயினும் கருவிக்குப் புலப்படும். நடுக்கோட்டையடுத்த சிங்கப்பூரில், வில் தராசில் நிற்கும் 60 கிலோ மனிதரின் எடையில் பூமியின் சுழற்சி ஏறத்தாழ 200 கிராமை மறைத்து விடுகின்றது. இருதட்டுத் தராசு இதனைக் காட்டாது. படிக்கல்லும் அதே பங்கை இழக்கின்றதன்றோ?

இதனை முதன்முதற் காட்டிய கருவி தராசன்று, ஊசல். 1672-இல் பிரெஞ்சு வானநூலார் ழான் ரிஷேர் தென்னமெரிக்காவிலுள்ள கயேன் தீவுக்குச் சென்றார். பாரிசில் விநாடிக்கு ஒரு முறை தவறாது ஆடிய ஊசல், நடுக்கோட்டிற்கு அருகிலுள்ள அவ்விடத்தில் நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. அதனைச் சரிசெய்ய ஊசலின் நீளத்தில் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் குறைக்க வேண்டியதாயிற்று. கருவியின் பழுதென்று சிலர் ஐயுற்றனர். பாரிசும் கயேனும் ஒரே நாளில்தான் ஒரு சுற்று முடிக்கின்றன. ஆயின், பூமியின் அச்சினின்று பாரிசின் தொலைவு கயேனின் தொலைவில் மூன்றில் இரண்டு பங்கே. இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டால் 1.9 மில்லிமீட்டர் கிடைக்கின்றது. எஞ்சிய 0.9 மில்லிமீட்டருக்குக் காரணம், சுழற்சியாற் பூமி நடுவிற் பருத்துத் துருவங்களிற் தட்டையாகியிருப்பதே என்பதை 1687-இல் நியூட்டன் எடுத்துக் காட்டினார்.